மல்பெரி, தக்காளி, ஒரு ரேங்க் அட்டை

“டீச்சர், அவள் நன்றாகப் படித்தால் என் ரேங்க் இறங்கும்தானே?”

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் இப்படிக் கேட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. கேட்ட மாத்திரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. கூடப் படிக்கிறவளுக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொடுக்க மனம் வரவில்லையா என்று கடிந்துகொண்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். தருமபுரி திரும்பும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் மதிப்பெண் பதிவேட்டை விரித்து ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் கேட்டது பொறாமைக் கேள்வியே இல்லை, வெறும் கணக்கு. விடையும் சரி. கணக்கு டீச்சரான நான்தான் அதைப் போடாமல் புத்திமதி சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பாலக்கோட்டுப் பக்கத்துப் பள்ளி என்பது போதும். அவள் வீட்டில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். புழு கடைசிப் பருவத்தில் இருக்கும் வாரத்தில் இராத்திரியெல்லாம் தழை வைத்துவிட்டு, காலையில் கண் சிவக்க வகுப்புக்கு வருவாள். அவளுடைய தோழியின் அப்பா தக்காளி மண்டியில் கணக்கெழுதுகிறவர். ஆகவே இந்தக் கட்டுரைக்கு ஒருத்தி மல்பெரி, மற்றவள் தக்காளி. இருவரும் ஒரே பெஞ்ச், ஒரே பஸ், ஒரே சாப்பாட்டு டப்பா.

ரேங்க் அட்டை முழுக்க என் யோசனை. எச்.எம். சொல்லவில்லை, மேலிடத்து உத்தரவும் இல்லை. 2017-இலேயே பொதுத்தேர்வு முடிவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை அரசு நிறுத்திவிட்டது. அப்போது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. பிறகு என் வகுப்புச் சுவரில் நானே ஒரு சார்ட் ஒட்டினேன். மாதத் தேர்வு முடிந்ததும் 38 பேர் பெயரும் வரிசையாக அதில் ஏறும். முதல் ஐந்து பெயர் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில். காலாண்டு வரை அந்த ஐந்தில் நிற்பவர்களுக்கு என் செலவில் ஜியாமெட்ரி பாக்ஸ். போட்டி இருந்தால் படிப்பார்கள் என்று நம்பினேன். பொய் சொல்லக் கூடாது, படிக்கவும் செய்தார்கள்.

ஜூலைத் தேர்வில் மல்பெரி 81 வாங்கி நான்காவது. தக்காளி 66 வாங்கிப் பதினொன்றாவது. அடுத்த இரண்டு மாதமும் பஸ்ஸிலும் மதிய இடைவேளையிலும் மல்பெரி தக்காளிக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். பார்த்துப் பெருமைப்பட்டேன் என்றும் ஒப்புக்கொள்கிறேன். செப்டம்பரில் மல்பெரி 84, தக்காளி 86. அட்டையில் தக்காளி நான்கு, மல்பெரி ஐந்து. மூன்று மதிப்பெண் கூடுதலாக எடுத்தவளுக்கு ஒரு படி இறக்கம். இறக்கியது அவளே சொல்லிக்கொடுத்த கணக்கு. அடுத்த வாரம் இன்னொரு பெண்ணுக்கும் காரணிப்படுத்துதல் சொல்லிக்கொடு என்று நான் அனுப்பியபோதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். இன்னும் ஒருத்தியை ஏற்றிவிட்டால் அவள் ஆறாவது. சிவப்பு மை போய்விடும், பெட்டியும் போய்விடும்.

741

அன்றிரவு தாளில் போட்ட கணக்கு இதுதான். 1 முதல் 38 வரை கூட்டினால் 741. ஜூலையில் என் வகுப்பின் ரேங்க்குகளைக் கூட்டினாலும் 741, செப்டம்பரில் கூட்டினாலும் 741. இடையில் வகுப்புச் சராசரி 48-இலிருந்து 57-க்கு ஏறியிருந்தது. 38 பிள்ளைகளும் நானும் மூன்று மாதம் மாடாக உழைத்ததில் மதிப்பெண் ஏறியது, அட்டை ஓர் இம்மி அசையவில்லை. அசையவும் முடியாது. ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்கியே ஆக வேண்டும் என்று அந்த அட்டையை வரைந்தபோதே விதித்துவிட்டேன். அப்படிப்பட்ட இடத்தில் தோழிக்குச் சொல்லிக்கொடுப்பது கையிலிருப்பதைக் கொடுப்பது போலத்தான். கொடுக்கிறவள் நல்லவளாக இருக்கலாம், ஆனாலும் கொடுத்தது குறையத்தான் செய்யும்.

இதில் இன்னொரு முகமும் எனக்குத் தெரிந்தது. கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் ஜூலையில் 22. செப்டம்பரில் 39. முதன்முறையாக 35-ஐத் தாண்டியிருந்தான். விடைத்தாளை வாங்கியபோது பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். பிறகு அட்டையைப் போய்ப் பார்த்தான். முன்பு 31, இப்போதும் 31. அவனுக்கு முன்னால் நின்றவர்களும் அதே வேகத்தில் ஏறியிருந்தார்கள், அவ்வளவுதான். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். அக்டோபர் தேர்வில் அவனுக்கு 24. வேறு காரணமும் இருந்திருக்கலாம். அந்த மாதம் அவர்கள் வீட்டில் அறுவடை. ஆனால் 17 மதிப்பெண் உழைப்புக்கு ‘நீ இருந்த இடத்திலேயே இருக்கிறாய்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டியவள் நான்.

பி.எட். படித்தபோது நார்ம் ரெஃபரன்ஸ்டு, கிரைட்டீரியன் ரெஃபரன்ஸ்டு என்று இரண்டு கட்டமாகப் பிரித்து மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். ஒன்று, மாணவனைப் பக்கத்து மாணவனோடு ஒப்பிடுவது. மற்றது, கற்க வேண்டியதோடு ஒப்பிடுவது. இந்தப் பிரிவை 1963-இல் ராபர்ட் கிளேசர் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதிய கட்டுரை நிலைநிறுத்தியது என்பதையும் சேர்த்து எழுதினால் ஒரு மதிப்பெண் கூடும். நான் இங்கே வரிசைக் கணக்கு, அளவுகோல் கணக்கு என்று வைத்துக்கொள்கிறேன். கல்லூரியில் எனக்குப் பிடிபடாமல் போன ஒன்றைக் கடைசி பெஞ்ச் பையனின் 39-தான் காட்டிக்கொடுத்தது. 35-ஐத் தாண்டியதில் அவன் சிரித்தான், சரி. ஆனால் அந்த 39-ஐ வைத்து அவனுக்கு என்ன தெரியும் என்று யாராலும் சொல்ல முடியுமா? மீதித் தேற்றம் தெரியுமா, வரைபடம் போடத் தெரியுமா? வினாத்தாள் எளிதாக இருந்ததா? 35 என்பது நிலையான கோடு, அவ்வளவே. கோடு அசையாமல் இருப்பதால் மட்டும் அது அளவுகோல் ஆகிவிடாது. கோட்டைத் தாண்டியவனால் எதைச் செய்ய முடியும் என்று சொன்னால்தான் கிளேசர் சொன்ன பொருளில் அளவுகோல்.

இந்தக் குழப்பம் பெரிய இடத்திலும் உண்டு. நம் மாநிலத்தில் முப்பருவ முறை வந்தபோது ஏ1 என்றால் 91 முதல் 100 வரை. வகுப்பில் அத்தனை பேரும் 92 வாங்கினால் அத்தனை பேருக்கும் ஏ1. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் ஏ1 என்றால் அந்தப் பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கு. அடுத்த எட்டில் ஒரு பங்குக்கு ஏ2. அங்கே 92 வாங்கியும், மற்றவர்கள் இன்னும் நன்றாக எழுதிவிட்டால் ஏ1 கிடைக்காது. எழுத்து ஒன்றுதான், ஒன்று மதிப்பெண்ணைப் பார்த்துப் போடுவது, மற்றது பக்கத்து ஆளைப் பார்த்துப் போடுவது. ஓசூரில் சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கும் அக்கா மகனுக்கும் பாலக்கோட்டில் படிக்கும் தங்கை மகளுக்கும் கல்யாண வீட்டில் கிரேடு ஒப்பிடும் மாமாக்களிடம் இதைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். காதில் வாங்குவதாக இல்லை.

அட்டையைக் கிழித்த பிறகு

அட்டையைக் கிழித்துவிட்டு, இயற்கணிதப் பாடத்துக்கு எட்டு வரி எழுதி ஒட்டினேன். மீதித் தேற்றத்தைப் பயன்படுத்தி மீதி காண்பேன், முற்றொருமையால் விரித்தெழுதுவேன், நடு உறுப்பைப் பிரித்துக் காரணிப்படுத்துவேன், தொகுமுறை வகுத்தல் செய்வேன், இப்படி. ஒவ்வொரு வரிக்கும் மூன்று கணக்கு. இரண்டு சரியாக இருந்தால் அந்த வரிக்கு டிக். வராவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை வேறு மூன்று கணக்கு. யார் எத்தனை டிக் என்பது அவரவர் நோட்டின் முதல் பக்கத்தில் மட்டும்.

முதல் வாரத்திலேயே என் அளவுகோல் ஓட்டை என்று தெரிந்தது. ‘நடு உறுப்பைப் பிரித்துக் காரணிப்படுத்துவேன்’ என்ற வரிக்கு நான் கொடுத்த மூன்றும் x² + 7x + 12 போன்றவை. கூட்டினால் 7, பெருக்கினால் 12. மூன்றும் நான்கும் என்று விரல் விட்டே சொல்லிவிடுவார்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு டிக். மறுநாள் 6x² + x − 2 எழுதிப் போட்டேன். பாதிப் பேர் −2-ஐ மட்டும் பிரிக்கப் பார்த்தார்கள். 6-ஐயும் −2-ஐயும் பெருக்கி −12 எடுத்து, அதை 4, −3 என்று பிரித்து (3x + 2)(2x − 1)-க்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பிறகு ஒரு பெண் 4x² − 20x + 24-க்கு (2x − 4)(2x − 6) என்று எழுதி வந்தாள். பெருக்கிப் பார்த்தால் சரியாகவே வருகிறது. ஆனால் இரண்டு அடைப்புக்குள்ளும் இன்னும் 2 ஒளிந்திருக்கிறது. 4(x − 2)(x − 3) வரை போயிருக்க வேண்டும். இதற்கு டிக் போடுவதா வேண்டாமா? என் வரி ஒன்றுமே சொல்லவில்லை. அந்த ஒரு வரியை மூன்றாக உடைத்தேன்: முதல் கெழு 1 ஆக இருப்பவை, 1 அல்லாமல் குறியும் மாறி வருபவை, பொதுக்காரணியை முதலில் வெளியே எடுக்க வேண்டியவை. வரிசைக் கணக்கில் இந்தத் தலைவலியே கிடையாது. கேள்வி எவ்வளவு மோசமாக இருந்தாலும் அங்கே ஒருவர் முதலாவதாக வந்துவிடுவார், நம் ஓட்டை வெளியே தெரியாது.

இரண்டாவது பிசகைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. 1 அல்லாத கெழு வரிக்கு, விடாமல் மறுதேர்வு வைத்து 38-இல் 30 பேர் டிக் வாங்கியிருந்தார்கள். எனக்கு ஒரே மகிழ்ச்சி. அடுத்த பாடத்துக்குப் போய் இரண்டு வாரம் கழித்து, சொல்லாமல் ஒரு நாள் அதே வகையில் மூன்று கணக்குக் கொடுத்தேன். தேறியவர்கள் 19 பேர். கொஞ்சம் மறதி இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். பதினோரு பேருக்கும் மறதி என்றால் நம்ப முடியவில்லை. அன்றும் தாளை எடுத்தேன். ஒரு பிள்ளைக்கு அரைகுறையாகத்தான் தெரியும், பத்துக் கணக்குப் போட்டால் நான்கு சரியாக வரும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் இரண்டு சரியாக வர அவனுக்கு 100-க்கு 35 வாய்ப்பு. மறுபடி எழுதலாம், இன்னொரு முறையும் எழுதலாம் என்றால், மூன்று வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தடவையாவது டிக் வாங்கிவிட 100-க்கு 73 வாய்ப்பு. எதையும் புதிதாகக் கற்காமலே. நான் பெருந்தன்மை என்று நினைத்தது குலுக்கல் சீட்டாக இருந்திருக்கிறது. அதன் பிறகு விதியை மாற்றினேன்: இரண்டு வெவ்வேறு நாளில் தேறினால்தான் டிக், மறுதேர்வுக்கு வருமுன் தவறிய கணக்கைத் திருத்திக் காட்ட வேண்டும். அரைகுறைப் பிள்ளை இரண்டு நாளும் அடுத்தடுத்துத் தேற 100-க்கு 12 வாய்ப்புதான். நன்றாகத் தெரிந்த பிள்ளையும் சில நேரம் ஒரு வாரம் கூடுதலாக அலைய வேண்டியிருக்கும். அது பரவாயில்லை என்று முடிவு செய்தேன்.

மூன்றாவது பிசகு முதல் ரேங்க்காரன். எட்டு வரியும் பத்தாக ஆன பிறகும் இரண்டே வாரத்தில் பத்துக்கும் டிக் வாங்கிவிட்டுச் சன்னலுக்கு வெளியே மாமரத்தை எண்ணிக்கொண்டிருந்தான். முன்பு 97-ஐ 99 ஆக்க வீட்டில் விளக்கு எரித்தவன். அளவுகோலைத் தொட்டவனுக்கு அதற்கு மேல் ஓட அந்த அளவுகோலில் ஒன்றும் இல்லை. அவனுக்காக மேல்வரி இரண்டு எழுதினேன்: தானே ஒரு கணக்கை உருவாக்கி அதற்குத் தீர்வு எழுதுவது, பிறர் தீர்வில் பிழை எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிப்பது. ஓரளவுக்குத்தான் உதவியது. அந்தப் பையனுக்கு ஓட ஒரு முதுகு தேவைப்பட்டது என்பதே என் எண்ணம். வரிசைக் கணக்கு அவனைப் போன்றவர்களுக்கு நிச்சயமாக வேகம் கொடுக்கிறது. 38-இல் அப்படி நாலைந்து பேர். அவர்களைப் பார்த்துத்தான் நாம் ‘போட்டி நல்லது’ என்று சொல்கிறோம், ஏனென்றால் நாமே அப்படி நாலைந்து பேரில் ஒருவராக இருந்துதான் ஆசிரியர் ஆனோம்.

மல்பெரி என்ன ஆனாள்? அட்டை போன அடுத்த நாளே மனம் மாறினாள் என்றால் கதையாகிவிடும். மூன்று வாரம் சும்மா இருந்தாள். அட்டை திரும்ப வராது என்று உறுதியான பிறகுதான் மதிய வேளையில் பெஞ்சைத் திருப்பிப் போட்டு உட்கார ஆரம்பித்தாள். முதலில் அவள் செய்தது உதவியே இல்லை. விடையைச் சொல்லிவிடுவாள், மற்றவள் எழுதிக்கொள்வாள். அளவுகோல் கணக்கில் யாருக்கும் நட்டம் கிடையாது என்பதால் தாராளம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வேறு கணக்கு வரும், விடை தெரிந்து பயனில்லை என்று இரண்டு தடவை தோற்ற பிறகு எதிரில் இருந்தவர்களே கேட்க ஆரம்பித்தார்கள்: “விடை வேண்டாம், அந்த நாலும் மூணும் எப்படி வந்தது சொல்.”

வேலி எங்கே நிற்கிறது

இதற்குப் பிறகும் எனக்குள் ஒன்று தீரவில்லை. ரேங்க் என்றாலே உதவி நின்றுவிடும் என்றால், நீட்டுக்கும் டி.என்.பி.எஸ்.சி.க்கும் படிக்கிறவர்கள் ஏன் கூட்டாகப் படிக்கிறார்கள்? நோட்ஸைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள், ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள். அதைவிடக் கடுமையான வரிசைக் கணக்கு உலகத்தில் கிடையாது.

விடை மறுபடியும் கணக்கில்தான் கிடந்தது. இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் பக்கத்தில் இருப்பவன் முன்னேறினால் என் இடம் அதிகபட்சம் ஒன்று இறங்கும். அவனோடு சேர்ந்து படிப்பதால் நான் ஆயிரம் இடம் ஏறலாம். கொடுப்பதைவிட வாங்குவது பல மடங்கு. என் வகுப்பில் 38 பேர், அதில் ஐந்து சிவப்புப் பெயர். அங்கே ஓர் இடம் என்பது ஐந்தில் ஓர் இடம். போட்டி இருக்கிறதா என்பதைவிட, போட்டியின் வேலி எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதே பெரிய கேள்வி. ஒரே பெஞ்சில் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவில் வேலி போட்டால் பெஞ்ச் இரண்டாகும்.

மார்ட்டன் டாய்ட்ச் என்பவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உளவியல் மாணவர்களை ஐந்தைந்து பேர் குழுக்களாகப் பிரித்துச் செய்து 1949-இல் வெளியிட்ட சோதனையை நான் இப்படித்தான் படிக்கிறேன். சில குழுக்களில், ஐவரையும் ஒருவருக்கொருவர் வரிசைப்படுத்திக் கிரேடு தரப்படும் என்று சொல்லப்பட்டது. மற்றவற்றில், குழுவுக்கே ஒரே கிரேடு. ஆனால் அது மற்றக் குழுக்களோடு ஒப்பிட்டுத் தரப்படும். இரண்டாம் வகையில்தான் ஒருவர் சொல்வதை மற்றவர் கவனித்தார்கள், வேலை பிரித்துச் செய்தார்கள், நட்பாக இருந்தார்கள். இரண்டிலும் போட்டி உண்டு என்பதைக் கவனியுங்கள். வேலி மட்டும் குழுவுக்கு உள்ளிருந்து வெளியே நகர்ந்திருக்கிறது.

வேலியையே மாணவர்கள் பிடுங்கிப் போட்ட கதையும் ஒன்று உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃப்ரோலிக் என்ற கணினிப் பேராசிரியர் ஒரு விதி வைத்திருந்தார். வகுப்பில் அதிகபட்ச மதிப்பெண் எதுவோ அது 100, மற்றவர்களுக்கு அதை வைத்து விகிதம். 2012 இறுதியில் அவருடைய மாணவர்கள் இறுதித் தேர்வை யாருமே எழுதுவதில்லை என்று பேசிவைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் பூஜ்யம் என்றால் பூஜ்யம்தானே அதிகபட்சம்? ஒரே ஒருவர் உள்ளே போய் ஒரு கேள்விக்கு விடை எழுதியிருந்தால் மற்ற அத்தனை பேரும் கவிழ்ந்திருப்பார்கள். அதனால் தேர்வு அறைக்கு வெளியே ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை. பேராசிரியர் சொன்ன விதிப்படி எல்லோருக்கும் ஏ கொடுத்தார், பிறகு விதியைத் திருத்திக்கொண்டார். இந்தக் கதையை ஆசிரியர் அறையில் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். சமூக அறிவியல் டீச்சர் மட்டும் கேட்டார்: “எல்லாம் சரி டீச்சர், அன்றைக்கு யாராவது எதையாவது படித்தார்களா?”

அந்த ஆண்டு பெற்றோர் கூட்டத்தில் முதல் ரேங்க்காரனின் அப்பா வந்தார். பத்து டிக்கையும் மேல்வரி இரண்டையும் காட்டி, உங்கள் பையனுக்கு என்னென்ன தெரியும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிங்க டீச்சர், எத்தனையாவது?” என்றார். மல்பெரியின் அப்பா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முறை வந்தபோது தானாகவே சொன்னார்: “எங்கள் பட்டுக்கூடும் அப்படித்தாங்க. அங்காடிக்கு நல்ல கூடு நிறைய வந்த அன்றைக்கு நம் கூடு மட்டமாகிவிடும். வரத்து குறைந்த அன்றைக்கு அதே கூடு உசத்தி. நூல் எவ்வளவு வரும் என்று கூட்டைப் பார்த்துச் சொன்னால்தான் புழுவை நான் எப்படி வளர்த்தேன் என்று எனக்குத் தெரியும்.” எனக்குப் பி.எட். முழுவதும் ஆன விஷயம் அவருக்கு ஏலத்தில் நின்றே புரிந்திருந்தது. ஆனால் அவர் விற்பது என்னவோ ஏல விலைக்குத்தான். அதையும் அவரே சொல்லிச் சிரித்தார்.

பிள்ளைகளும் ஏலத்துக்குப் போகத்தான் வேண்டும். ஊரகத் திறனாய்வுத் தேர்வில் வருவாய் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியருக்குத்தான் உதவித்தொகை. இடம் ஐம்பதுதான் என்றால் வரிசைப்படுத்தாமல் வேறு வழியில்லை. அங்கே போய் அளவுகோல் பேசினால் அர்த்தமில்லை. மல்பெரியும் தக்காளியும் இருவருமே எழுதினார்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, என் வேலிக் கணக்கை மல்பெரிக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். மாவட்டம் முழுக்க எத்தனை பள்ளி, எத்தனை பெண்கள். இவள் ஏறினால் உனக்கு ஓர் இடம்தான் போகும், சேர்ந்து படித்தால் உனக்கு எத்தனை இடம் வரும். அன்று கடிந்துகொண்டதற்கு இப்போது கணக்காகவே பதில் சொல்கிறேன் என்ற திருப்தி எனக்கு.

தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“ஐம்பதாவதாக அவள் வந்து, ஐம்பத்தொன்றாவதாக நான் வந்தால், டீச்சர்?”

அந்த வாய்ப்பு எவ்வளவு சிறியது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ராயக்கோட்டை பஸ் வந்துவிட்டது. கூட்டத்தில் தக்காளி முதலில் ஏறி சன்னலோரம் இடம் பிடித்து, பையை வைத்து மறித்துக்கொண்டு இவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மல்பெரி என் தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு ஓடினாள்.